நண்டு மார்க்

இந்த முறை ஒரு வியாபார விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு தள்ளியவனுக்கு வியாபாரத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். என் தங்கை மகள் என்னை இதில் இழுத்துவிட்டாள். அவள் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் சின்ன வகுப்புகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே குழந்தைகள் தமிழ் படிக்க ஓர் அட்டைப் பெட்டி தயாரிக்கிறாள். பொருள் தயார். அதற்கு ஒரு பெயரும் படமும் வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் அதைப் பிராண்ட் ஐடென்டிட்டி என்கிறார்கள். நம் காலத்தில் அதற்குப் பெயர் 'மார்க்'. யானை மார்க், மயில் மார்க் என்று சொல்லித்தானே கடைக்குப் போவோம்? பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அது இன்னும் சுலபம். அங்கேயும் 'மார்க்' என்றுதான் சொல்வார்கள்.

முதலில் பொருள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐந்து வயதிலிருந்து ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கானது. நடுவில் 'க', 'ப', 'ம' என்று ஓர் எழுத்து அச்சடித்த அட்டை. அதன்மேல் வைத்து நகர்த்த, ஜன்னல் வெட்டிய ஒரு பட்டை. பட்டையில் துணைக்கால் இருந்தால் 'க' என்பது 'கா' ஆகும். ஒற்றைக்கொம்பு இடது பக்கம் வந்து நின்றால் 'கெ'. இடமும் வலமும் இரண்டும் சேர்ந்து நின்றால் 'கொ'. 'கு', 'கூ' வரிசை மட்டும் இதற்கு அடங்காது. ஒவ்வொரு எழுத்தும் தன் இஷ்டத்துக்கு வால் வளர்த்துக்கொள்வதால் அந்த 36 எழுத்துக்கும் தனித்தனி அட்டை. 'டி', 'டீ' இரண்டும் அடம் பிடிப்பவை, அவற்றுக்கும் தனி அட்டை. மெய்க்கு 18, உயிருக்கு 12, ஆய்தம் ஒன்று என்று கூட்டினால் 69 அட்டையும் 10 பட்டையும். இவற்றை வைத்துக்கொண்டு 247 எழுத்தையும் பிள்ளை தானே உண்டாக்கிப் பார்க்கலாம். கெட்டிக்காரத்தனமான வேலை. தாய்மாமன் என்பதற்காகச் சொல்லவில்லை.

அவள் முதலில் செய்து கொண்டுவந்த மாதிரிப் பெட்டியின் மூடியைப் பார்த்தேன். மேலே கொட்டை எழுத்தில் நீளமான பெயர், அதில் 'அடிப்படைத் தமிழ் கற்றல்' என்ற சொற்கள். கீழே மூன்று வரி: பாடத்திட்டத்துக்கு ஏற்றது, நினைவாற்றலை வளர்ப்பது, ஆசிரியர் தயாரித்தது. ஒரு தாயும் குழந்தையும் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கும் படம். யாருக்குக் காட்டினாலும் நன்றாக இருக்கிறது என்றார்களாம். யார் யாருக்குக் காட்டினாய் என்று கேட்டேன். பெற்றோர்களுக்கு, தெரிந்த ஆசிரியைகளுக்கு.

"சரி, படிக்கப்போற பிள்ளைங்க?"

"அவங்களுக்கு இன்னும் படிக்கத் தெரியாதே மாமா."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் முழு விஷயமும் இருக்கிறது. தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைக்காகச் செய்த பெட்டி. அதன் பெயரைத் தமிழில் எழுதி வைத்தால் அந்தப் பிள்ளைக்கு அது வெறும் கோடும் சுழியும். கடையில் அது கை நீட்டிக் கேட்க வேண்டுமானால், படத்தைப் பார்த்து வாயால் சொல்லக்கூடிய ஒரு பெயர் வேண்டும். நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேருக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் எந்தத் தீப்பெட்டி வேண்டும் என்று சரியாகக் கேட்டு வாங்கினார்கள். லேபிளில் ஒரு மிருகமோ ஒரு பழமோ இருக்கும், அதுவே பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூட்டம் இன்று நம் நாட்டில் குறைந்துவிட்டது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைகள் எல்லாக் காலத்திலும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

அலுவலகத்தில் நான் கொள்முதல் கோப்புகள் பார்த்திருக்கிறேன். பணம் கொடுப்பது ஒரு துறை, உபயோகிப்பது வேறு ஆட்கள். நாற்காலியில் உட்காரப்போகிறவனை யாரும் கேட்க மாட்டார்கள். முதுகு வலித்தாலும் அவன் உட்கார்ந்துதான் ஆக வேண்டும். பிள்ளைகள் விஷயம் அப்படியல்ல. பணம் அப்பாவுடையது, ஆனால் தொடமாட்டேன் என்று சொல்லும் அதிகாரம் பிள்ளையிடம் இருக்கிறது. அப்பா வாங்கிக்கொடுக்கலாம், பீரோ மேல் ஏறிப்போகும் பெட்டியை யாராலும் கீழே இறக்க முடியாது.

இதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் கண்டுபிடித்த ஒரு நல்ல தீர்வை எனக்குத் தெரியும். என் வீட்டிலேயே நாலைந்து வருஷம் பார்த்தது.

என் சித்தப்பா சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை; மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சில் இருந்த தன் பேரப்பிள்ளைகளுக்கு அவர் 'ஜெம் லீர்' என்ற மாதப் பத்திரிகைக்குச் சந்தா கட்டியிருந்தார். பிள்ளைகள் படித்து முடித்த பழைய இதழ்களைக் கட்டுக் கட்டாகப் பெட்டியில் வைத்து, ஊருக்கு வரும்போது என் மகளுக்குக் கொண்டுவருவார். எண்பதுகளின் கடைசி அது.

ஜெம் லீர் 1977-இல் தொடங்கியது. நடத்துவது பயார் என்ற பதிப்பகம், கத்தோலிக்க சபையைச் சேர்ந்த பழைய நிறுவனம். ஏழு வயதுக்கு மேல், எழுத்துக் கூட்டத் தெரிந்து, சரளமாகப் படிக்க வராத பிள்ளைகளுக்கான பத்திரிகை. அந்தப் பெயரின் அர்த்தம் 'எனக்குப் படிக்கப் பிடிக்கும்'. யோசித்துப் பாருங்கள். 'படிப்போம் வா' என்று வைத்திருந்தால் அது பெரியவர் குரல். 'எனக்குப் படிக்கப் பிடிக்கும்' என்பது பிள்ளையின் குரல். பிள்ளை பத்திரிகையின் பெயரைச் சொல்லும் போதெல்லாம், அப்பா அம்மா எதைக் கேட்க ஆசைப்படுகிறார்களோ அதையே சொல்கிறது. ஒரே பெயர்; பிள்ளைக்கு அது தன் சொந்த வாக்கியம், பெற்றோருக்கு அது காதுக்கு இனிய சேதி.

அளவும் அப்படித்தான். கையில் அடங்கும் சின்ன அளவு, புத்தகம் போல முதுகு. பத்திரிகை என்று தூக்கிப் போடாமல் பிள்ளைகள் அலமாரியில் வரிசையாக நிறுத்துவார்கள். என் மகள் நம்பர் பார்த்து அடுக்குவாள், ஒரு நம்பர் விட்டுப்போனால் சித்தப்பாவுக்குக் கடுதாசி போகும். உள்ளே மூன்று பகுதி. முதலில் அத்தியாயம் பிரித்து எழுதிய ஒரு முழுக் கதை. பிறகு விளையாட்டுப் பக்கங்கள், அதில் போன்மின் என்ற பென்சில் பொம்மை வந்து போகும். கடைசியில் 'தொம்-தொம் எ நானா' என்ற படக்கதை. ஜாக்லின் கோஹன் எழுத, பெர்னாதெத் தெப்ரே வரைந்தது. ஓட்டல் நடத்தும் குடும்பத்தில் ஓர் அண்ணனும் தங்கையும் செய்யும் அட்டகாசம். நல்ல பிள்ளைகள் இல்லை, சமையலறையை இரண்டாக்கும் பிள்ளைகள்.

என் மகள் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் திறப்பாள். படக்கதையைச் சிரித்துச் சிரித்துப் படித்துவிட்டு, விளையாட்டைப் போட்டுவிட்டு, வேறு எதுவும் மிச்சமில்லை என்ற பிறகு முன்பக்கக் கதைக்கு வருவாள். கதை பெற்றோருக்குப் பிடித்த பகுதி, படக்கதை அவளுடையது. அவளுடைய பகுதி ஒழுங்காக இருந்ததால் மற்றதும் நடந்தது. மார்க் என்பது அட்டையில் போடும் படம் மட்டும் இல்லை என்று அப்போதே எனக்குப் பட்டது. அட்டை ஒரு வாக்குக் கொடுக்கிறது, உள்ளே அதை மாதா மாதம் காப்பாற்ற வேண்டும். தொம்-தொம் ஒரு மாதம் நல்ல பிள்ளையாகிப் புத்தி சொல்ல ஆரம்பித்திருந்தால் என் மகள் அந்த மாதமே விட்டிருப்பாள்.

பயார் செய்த இன்னொரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகள் வளர்கிறார்கள் என்பதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய சங்கடம். பெற்றோருக்குத் தெரிந்த, நம்பிய பெயரே தொடர்ந்து வந்தால் நல்லது. பிள்ளைக்கோ போன வருஷத்துப் பெயர் தம்பி பாப்பா சமாசாரம். எட்டு வயதுக்காரன் ஆறு வயதுக்காரன் பத்திரிகையைக் கையில் வைத்திருப்பதை வகுப்பில் யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடும். இதற்கு அவர்கள் வைத்த பெயர்களைப் பாருங்கள். சின்னவர்களுக்கு 'போம் தாப்பி', 1966-இல் வந்தது. சிவந்த கன்னம் போன்ற ஒரு குட்டி ஆப்பிளின் பெயர் அது; ஒரு குழந்தைப் பாட்டிலும் வரும். கொஞ்சம் பெரியவர்களுக்கு 'அஸ்த்ராப்பி', 1978. அதற்கும் மேலே பத்து வயதைத் தாண்டியவர்களுக்கு 'ஒக்காப்பி', 1971; அது ஆப்பிரிக்கக் காட்டு மிருகம் ஒன்றின் பெயர். மூன்றும் வேறு வேறு பெயர், வேறு வேறு முகம். ஆனால் வால் ஒன்று, 'ஆப்பி'. பெரியவர் காதுக்கு அது ஒரே குடும்பத்து இனிஷியல் போல. பிள்ளைக்கு அது புது வீடு.

இதையெல்லாம் தங்கை மகளிடம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாமா, அவங்க பெரிய கம்பெனி. நான் 500 பெட்டி அடிக்கப்போறேன்" என்றாள். நியாயம்தான். ஆனால் பிள்ளையைக் கேட்டுப் பார்க்கப் பெரிய கம்பெனி தேவையில்லையே, தாழ்வாரம் போதும்.

லாஸ்பேட்டையில் அவள் வீட்டுத் தாழ்வாரத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரைக் கூட்டினோம். எப்படிச் செய்தோம் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். பெற்றோர் பக்கத்தில் இருந்தால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லும். அதனால் தாய்மார்களை உள்ளே காபி குடிக்க வைத்தோம். பிள்ளையிடம் 'இது நல்லா இருக்கா?' என்று கேட்டாலும் பிரயோஜனமில்லை. எல்லாவற்றுக்கும் 'ம்' என்றுதான் சொல்லும். அதனால் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் ஆறு பெட்டிகளை வைத்தோம்: அவளுடைய மாதிரி ஒன்று, கடையில் வாங்கிய வேறு ஐந்து. ஒவ்வொரு பிள்ளையாக வந்து, வீட்டுக்கு எடுத்துப்போக ஒன்றைத் தொட்டுக் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

எட்டுப் பேரில் ஒருவர்கூட அவளுடையதைத் தொடவில்லை. ஒரு பையன் மட்டும் அதைக் காட்டி, "அது டியூஷன் பெட்டி" என்றான். சிரிக்கும் அம்மாவின் படத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். அம்மா சிரித்துக்கொண்டே புத்தகத்தைப் பிரித்தால் அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியாதா?

பிறகு பெட்டியைத் திறந்து அட்டையையும் பட்டையையும் அவர்கள் முன்னால் கொட்டினோம். அப்போதுதான் காரியம் நடந்தது. பட்டையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்திக்கொண்டே ஒரு பெண் குழந்தை, "நண்டு மாதிரி போவுது" என்றாள். பட்டை பக்கவாட்டில்தான் ஓடும், நண்டும் அப்படித்தான். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நண்டு கடற்கரையில் தினமும் பார்க்கிற ஜீவன். கைக்குழந்தையாக இருக்கும்போதே உள்ளங்கையில் நண்டூருது விளையாடியிருப்பார்கள். அடுத்த பத்து நிமிஷத்தில் எட்டுப் பேரும் அதை 'நண்டு' என்றே கூப்பிட்டார்கள். "எனக்கு நண்டு குடு", "என் நண்டு எங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

நண்டு என்று முடிவானதும் எதிர்ப்பு வந்தது, பணம் கொடுக்கும் கட்சியிலிருந்து. என் தங்கையே முதல் ஆள். "படிக்கிற பெட்டியில நண்டு படமா? ஒரு சரஸ்வதி படம் போடக்கூடாதா?" என்றாள். ஒரு சைவக் குடும்பத்துத் தாயார் முகம் சுளித்தார். யானை, கிளி, மயில் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நானும் அவளும் நேரு வீதியில் இரண்டு கடைகளுக்குப் போய் அலமாரியைப் பார்த்தோம். யானையும் கிளியும் அங்கே ஏற்கெனவே டஜன் கணக்கில் நின்றுகொண்டிருந்தன. பதினோராவது யானையை எந்தப் பிள்ளை அடையாளம் கண்டுபிடிக்கும்? நண்டு ஒன்றுகூட இல்லை. தொலைக்காட்சியில் வரும் பொம்மைப் படத்தைப் போட்டால் பிள்ளைகள் ஓடிவரும் என்று ஒரு கடைக்காரர் யோசனை சொன்னார். அது சட்டத்துக்கு விரோதம் என்பது ஒரு பக்கம். உரிமம் வாங்கிப் போட்டாலும், பிள்ளைக்குப் பிடித்தது அந்தப் பொம்மையாக இருக்குமே தவிர இந்தப் பெட்டியாக இருக்காது. அடுத்த வருஷம் வேறு பொம்மை வந்தால் பெட்டியும் சேர்ந்து பழசாகிவிடும்.

கடையில் நின்றபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெட்டிகளை யாரும் முகம் தெரிய நிறுத்தி வைப்பதில்லை, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். வெளியே தெரிவது பக்கவாட்டு விளிம்பு மட்டும், நாலு சென்டிமீட்டர். அவ்வளவு அழகாகப் போட்ட மூடிப்படம் யார் கண்ணிலும் படாது. அதனால் நண்டு நாலு விளிம்பிலும் வர வேண்டும், நாலு சென்டிமீட்டருக்குள்ளும் நண்டு என்று தெரிய வேண்டும். அவளுக்குப் படம் போட்டுக்கொடுத்த பையன் முதலில் கண், முடி, செதில் எல்லாம் வைத்து ஒரு நண்டு வரைந்திருந்தான். சின்னதாக்கினால் சிலந்தி மாதிரி ஆகிவிட்டது. மூன்று முறை திருப்பி அனுப்பி, கடைசியில் ஒரே நிறத்தில் உடம்பு, இரண்டு பெரிய கொடுக்கு, இரண்டு கண், அவ்வளவுதான் என்று நின்றது. ஆரஞ்சு நிறம். விலை அதிகமான சாமானைக் கடைக்காரர்கள் மேல் தட்டில் வைப்பார்கள். இதைக் கீழ்த்தட்டில், பிள்ளையின் கண் உயரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். ஒருவர் சம்மதித்தார், மற்றவர் கீழே வைத்தால் தூசி படியும் என்று மறுத்துவிட்டார்.

மூடியில் இருந்த மூன்று வரியையும் எடுத்துவிட்டோம். வயதும் முன்பக்கத்தில் இல்லை. '5 முதல் 7 வரை' என்று முன்னால் போட்டால் ஏழு வயதுக்காரன் தொடமாட்டான், ஐந்து வயதுப் பிள்ளையின் அம்மா 'இது அவனுக்குக் கஷ்டமோ' என்று யோசிப்பார். பின்பக்கத்தில் கீழே, பெரியவர்கள் பார்க்கும் இடத்தில் போட்டால் போதும்.

ஆனால் முன்பக்கத்தைக் காலி செய்ததும் அடுத்த வினை ஆரம்பித்தது. தாய்மார்கள் நால்வரிடம் புதுப் பெட்டியைக் கொடுத்து விலை 380 ரூபாய் என்றபோது, "விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா?" என்றார் ஒருவர். முதல் மாதிரிக்கு அதே 380 ரூபாயை யாரும் அதிகம் என்று சொல்லவில்லை. படிப்பு என்றால் நம் மக்கள் கையை விரிப்பார்கள், விளையாட்டு என்றால் மடக்கிக்கொள்வார்கள். ஆக, பிள்ளைக்காக எடுத்த படிப்பை அப்பா அம்மாவுக்காக எங்கேயாவது திருப்பி வைத்தாக வேண்டும். முன்னால் வைத்தால் பிள்ளை ஓடும். பின்னால் வைக்கலாம்.

பின்பக்கத்துக்கு வாசகம் எழுதும் வேலை எனக்கு வந்தது. 'மூளை வளர்ச்சி', 'மேதையாக்கும்' போன்றவற்றை அடித்துவிட்டேன். எல்லாப் பெட்டியும் அதையே சொல்லுவதால் யாரும் படிப்பதில்லை. அதற்குப் பதில், பிள்ளை எதைச் செய்யும் என்பதைச் சின்னதாக, சோதித்துப் பார்க்கும்படி எழுதினேன். தினம் 10 நிமிஷம். இன்ன எழுத்துகளில் ஆரம்பிக்க வேண்டும். முதல் பத்துப் பன்னிரண்டு அட்டை முடிந்தபின் 'படம்', 'மாடு', 'பாட்டி' ஆகிய சொற்களைப் பிள்ளையே வைத்துக் காட்டுகிறதா என்று பாருங்கள். கூடவே பட்டை எப்படி நகர்கிறது என்று ஒரு படம். இரண்டாம் முறை அதே தாயார் பின்பக்கத்தை முழுக்க வாசித்துவிட்டு, "பாட்டி வந்துடுமா?" என்று மட்டும் கேட்டார். விலையைப் பற்றிப் பேச்சில்லை.

தங்கைக்கும் ஒரு சமாதானம் கிடைத்தது. போன்மினை நினைத்துக்கொண்டு, நண்டின் ஒரு கொடுக்கில் ஒரு பென்சிலைக் கொடுக்கச் சொன்னேன். பிள்ளைக்கு அது நண்டு பென்சிலைத் திருடிக்கொண்டு ஓடுகிற மாதிரி. பெரியவர்களுக்கு அது எழுதுகிற நண்டு. சைவக் குடும்பத்துத் தாயாருக்கு எதுவும் செய்ய முடியவில்லை. அவர் பிள்ளைதான் முதல் பெட்டியை அழுது வாங்கினான் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்த இடத்தில் என் பழைய தொழிலும் கொஞ்சம் உதவியது. பெயரைப் பதிவு செய்ய வேண்டுமல்லவா? 1999-ஆம் வருஷத்து வணிகக் குறிச் சட்டப்படி, பொருளின் தன்மையை அப்படியே சொல்லும் பெயரைப் பதிவு செய்வது கடினம். 'அடிப்படைத் தமிழ் கற்றல்' என்று யாருக்கும் தனி உரிமை கொடுக்க மாட்டார்கள், அது எல்லாருக்கும் பொதுவான சொல். நண்டுக்கும் எழுத்து அட்டைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதே இங்கே பலம். புதுச்சேரிக்காரர்களுக்குச் சென்னைப் பதிவகம். படிவம் TM-A. அச்சடித்த பொருள்களுக்கு 16-ஆம் வகுப்பு, விளையாட்டுப் பொருள்களுக்கு 28-ஆம் வகுப்பு. தனி நபர் இணையத்தில் விண்ணப்பித்தால் வகுப்பு ஒன்றுக்கு 4,500 ரூபாய். படிப்பா விளையாட்டா என்ற கேள்வி இங்கேயும் வந்து நின்றதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். இரண்டிலும் போடச் சொன்னேன். காசு இப்போதைக்கு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்று 16-இல் போட்டாள். முன்னாலேயே யாராவது அந்தப் பெயரைப் பதிந்திருக்கிறார்களா என்று தேடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும், கட்டினால் திரும்பி வராது.

சிவகாசியில் அச்சடித்து வந்த பெட்டிகள் விற்க ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆயின. கடையில் பிள்ளை கை நீட்டியதா என்பது பாதிச் சேதிதான். வீட்டுக்குப் போன பிறகு அது இன்னொரு முறை தேர்ந்தெடுக்கிறது, யாரும் பார்க்காத ஒரு சாயங்காலத்தில். அதைத் தெரிந்துகொள்ள அவள் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. வாங்கிப்போன தெரிந்த வீடுகளுக்கு மூன்று வாரம் கழித்துப் போய், 'பிடிச்சிருக்கா?' என்று கேட்காமல் பெட்டியை வாங்கிப் பார்த்தாள். 'க', 'ப', 'ம' அட்டைகளின் மூலைகள் நைந்து, பட்டையில் எண்ணெய்க் கை பட்டிருந்தால் பிள்ளை விளையாடுகிறது. பட்டைகள் ரப்பர் பேண்டு போட்டபடியே இருந்தால் இல்லை. ஏழு வீட்டில் ஐந்து நைந்திருந்தன. மற்ற இரண்டில், அம்மாக்கள் பெட்டியை வைத்துக்கொண்டு சாயங்காலம் ஆறு மணிக்கு 'வா, நண்டு படிக்கலாம்' என்று உட்கார வைத்திருக்கிறார்கள். பெட்டி பத்தே நாளில் டியூஷன் பெட்டியாகிவிட்டது. அதற்கு மூடியில் எந்தப் படம் போட்டும் பயனில்லை. அடுத்த அச்சில் உள்ளே வைக்கும் துண்டுத் தாளில், பிள்ளை கேட்டால் மட்டும் பக்கத்தில் உட்காருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறாள்.

இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களில் பெரும்பாலோர் தாத்தா பாட்டிகள் என்று எனக்குத் தெரியும். அவள் கணக்குப்படி வாங்கியவர்களில் மூன்றில் ஒருவர் நம் ஆட்கள், பிறந்தநாளுக்கும் லீவுக்கும் வாங்குகிறவர்கள். நாம் பின்பக்கத்தைக்கூடப் படிப்பதில்லை என்கிறாள். பேரன் எதைத் தொடுகிறானோ அதை எடுத்துக்கொண்டு நேராகக் கல்லாவுக்குப் போகிறோமாம்.

போன வாரம் பாரிசிலிருந்து சித்தப்பா மகன் பேசினான். லா ஷப்பல் பக்கம், இலங்கைத் தமிழர் கடைகள் நிறைந்த தெரு, அங்கே ஒரு கடைக்காரர் 20 பெட்டி கேட்கிறாராம். ஆனால் அங்கே பிள்ளைகளின் அப்பா அம்மாவில் சிலருக்கே தமிழ் வாசிக்க வராது, பேச மட்டும் வரும். நண்டைப் பார்த்தால் பிள்ளைக்குத் தெரியும், பின்பக்கம் நான் எழுதியதை வாசிக்க ஆள் இல்லை. நண்டு அப்படியே இருக்கட்டும், பின்பக்க வாசகம் பிரெஞ்சில் வேண்டும் என்று தீர்மானமாயிற்று. 'பாட்டி வந்துடுமா' என்ற கேள்விக்கு இடம் தரும் மாதிரி அதைப் பிரெஞ்சில் எழுத மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். இரண்டு பத்தி முடிந்திருக்கிறது.